கண் சிமிட்டுவதை நம்பாதீர்கள், உதட்டைப் பாருங்கள்: டீப்ஃபேக் வீடியோவைச் சோதிக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டம். ஆனி, ஆடி மழையில் பால் வெட்டு நின்றுவிட்டால் வீட்டில் காசுப் புழக்கமும் நின்றுவிடும். அப்படி ஒரு மழை வாரத்தில் அவர் எனக்கு ஒரு வீடியோவை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "மக்களே, இது உள்ளதுதானா? பாத்துச் சொல்லு."

நாடே அறிந்த ஓர் உயர் அதிகாரி பேட்டி கொடுக்கும் வீடியோ அது. இருபத்தோராயிரம் ரூபாய் கட்டினால் மாதம் ஐம்பதாயிரம் வருமானம் வரும், அரசே பொறுப்பு என்று தமிழில் பேசினார். நான் நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு, சின்னத் திரையில் ஒரே ஒரு முறை பார்த்தேன். கணினியால் முகத்தையோ குரலையோ மாற்றிச் செய்யும் டீப்ஃபேக் போலி வீடியோவில் ஆள் கண் சிமிட்டமாட்டார் என்று எங்கோ படித்திருந்தேன். இவர் நன்றாகச் சிமிட்டினார். "ஆளு உண்மையான ஆளுதான் சித்தப்பா, ஆனா பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி யோசிங்க" என்றேன். அன்று சாயங்காலமே அவர் 21,000 ரூபாயை அனுப்பிவிட்டார். என் வாயிலிருந்து வந்த முதல் பாதி அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடியோவை மூன்று இரவுகள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். நீங்கள் பணம் போவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும் என்பதற்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இப்போது நம் பக்கம் அதிகம் சுற்றுவது, தெரிந்த முகம் ஒன்று "இதில் பணம் போடுங்கள்" என்று சொல்லும் வீடியோ. அதனால் அந்த வகையை மையமாக வைத்தே சொல்கிறேன். முழுச் சோதனைக்கும் ஒரு மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை. ஒரு ஹெட்போனும், முடிந்தால் ஒரு கணினியும் வேண்டும்.

## 1. நல்ல பிரதியைக் கையில் எடுங்கள்

வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோவை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வீடியோவாக ஏற்றி அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது. உதட்டோரம், பல், தோலின் நயம் எல்லாம் முதலில் அழிந்துபோகும். நாம் தேட வேண்டிய தடயமும் அங்கேதான் இருக்கிறது. மங்கலான பிரதியில் உண்மையான வீடியோ போலியாகத் தெரியும், போலியான வீடியோ உண்மையாகவும் தெரியும்.

யார் அனுப்பினாரோ அவரிடம் "எங்கே பார்த்தீர்கள், இணைப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கோப்பு சேர்க்கும் இடத்தில் அந்த வசதி இருக்கிறது. ஆவணமாக அனுப்பினால் மறுபடியும் சுருங்காது.

கோப்பு கைக்கு வந்தவுடன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் அனுப்பியது, எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதி, என்ன நேரம். இணைப்பு இருந்தால் அதையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். விளம்பரமாக வந்த வீடியோ இரண்டு நாளில் காணாமல் போய்விடும். எங்கள் விஷயத்தில் மறுநாளே போய்விட்டது. "எச்சரிக்கை" என்று எழுதிக்கூட அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அடுத்தவர் அனுப்பும்போது எச்சரிக்கை கழன்றுவிடும், வீடியோ மட்டும் போகும்.

## 2. கண் சிமிட்டலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்

நான் தவறிய இடம் இது.

2018இல் அமெரிக்காவின் அல்பனி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அன்றைய டீப்ஃபேக்குகளில் முகங்கள் சரியாகக் கண் சிமிட்டவில்லை. காரணம் எளிது. கணினிக்கு முகத்தைக் கற்றுக்கொடுக்கப் புகைப்படங்களைக் கொடுத்தார்கள். கண் மூடியிருக்கும் படத்தை யாரும் வெளியிடுவதில்லை. அதனால் மூடிய கண் எப்படி இருக்கும் என்பது கணினிக்குத் தெரியாமல் போயிற்று. இது வெளியானதும் போலி செய்கிறவர்களும் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் "கண் சிமிட்டாது" என்ற பேச்சு மட்டும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு வந்தது போன்ற வீடியோவில் அந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. அதில் முழு முகமும் போலியல்ல. உண்மையான பேட்டி ஒன்றை எடுத்து, வாயையும் நாடியையும் மட்டும் புதிதாக வரைந்து, மேலே போலிக் குரலை ஒட்டியிருக்கிறார்கள். மூக்குக்கு மேலே இருப்பதெல்லாம் அந்த அதிகாரியின் சொந்தக் கண், சொந்தப் புருவம். அவர் அன்றைக்கு நிஜமாகவே சிமிட்டிய சிமிட்டல்தான் அது.

ஆகவே சிமிட்டல் இயல்பாக இருப்பது எதற்கும் சாட்சியல்ல. இயல்பில்லாமல் இருந்தால் மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு. சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை சிமிட்டுவார். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கும்போது அது குறையும். ஒரு நிமிடம் முழுக்கச் சிமிட்டாத முகமோ, இமை பாதி இறங்கி நின்றுவிடும் முகமோ, ஒரு கண் மட்டும் தாமதமாக மூடும் முகமோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது முழு முகத்தையும் மாற்றிய வீடியோவாகவோ, ஒரே ஒரு புகைப்படத்தைப் பேசவைத்த வீடியோவாகவோ இருக்கலாம். குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

## 3. ப, ம வரும் இடங்களில் உதட்டைப் பாருங்கள்

வாயை மட்டும் மாற்றிய வீடியோவுக்குச் சரியான சோதனை இதுதான். பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு.

'ப' என்றோ 'ம' என்றோ கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உதடும் ஒட்டாமல் அந்த ஒலி வராது. உதட்டை மூடாமல் "அப்பா" என்று எவராலும் சொல்ல முடியாது. 'வ' என்னும்போது உதடுகள் ஒட்டுவதில்லை, பெரும்பாலும் மேல்பல் கீழுதட்டை நெருங்கி நிற்கும். வாயை வரைந்து ஒட்டும் மென்பொருள்கள் ஒலிக்கு ஏற்ப வாயைத் திறந்து மூடுவதில் தேறிவிட்டன. உதடு முழுதாக ஒட்ட வேண்டிய அந்தக் கணத்தில்தான் அடிக்கடி பிசகுகின்றன. உதட்டுக்கு நடுவே ஒரு கீற்று திறந்தே இருக்கும். ஆங்கிலத்தில் இதே ஒலிகளை வைத்து ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கண்டறியும் முறையையே வெளியிட்டார்கள். தமிழுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம்மிடம் இரட்டிக்கும் 'ப்ப', 'ம்ம', 'ம்ப' எல்லாம் நிறைய.

செய்முறை இது. கணினியில் வி.எல்.சி பிளேயர் இலவசம். அதில் வீடியோவைத் திறந்து, நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் `E` என்ற எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சட்டம், அதாவது வீடியோவின் ஒரு தனிப்படம், நகரும். யூடியூபில் பார்க்கிறீர்கள் என்றால், கணினியில் நிறுத்தி வைத்துவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டம் முன்னே, காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டம் பின்னே போகும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேகத்தை 0.25 ஆக வையுங்கள்.

முதலில் இருபது நொடிப் பேச்சைக் கேட்டு அப்படியே தாளில் எழுதுங்கள். பிறகு உதடு கட்டாயம் ஒட்ட வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே கோடிடுங்கள். இதில் தமிழர்கள் விழக்கூடிய ஒரு குழி இருக்கிறது. நாம் பேசும்போது சொல்லின் கடைசியில் வரும் 'ம்' உதட்டை மூடுவதில்லை. "மாசம்" என்பதை "மாசோ" என்று மூக்கால் முடித்துவிடுகிறோம். அந்த 'ம்'மைக் கணக்கில் சேர்த்தால் உண்மையான வீடியோகூடத் தேறாது. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் 'ப'வும் வேகமான பேச்சில் நெகிழ்ந்துபோகும். ஆகவே சொல்லின் முதலில் வரும் ப, ம, இரட்டித்து வரும் ப்ப, ம்ம, சேர்ந்து வரும் ம்ப ஆகியவற்றை மட்டும் எடுங்கள்.

எங்கள் வீடியோவில் இருந்த ஒரு வாக்கியம்: "மாதம் ஐம்பதாயிரம் வருமானம், பணம் முழுப் பாதுகாப்பு." இதில் நான் எடுத்துக்கொண்ட இடங்கள் ஐந்து. 'மாதம்' என்பதன் மா, 'ஐம்பதாயிரம்' என்பதன் ம்ப, 'பணம்' என்பதன் ப, 'முழுப்' என்பதன் மு, 'பாதுகாப்பு' என்பதன் ப்பு. 'முழுப் பாதுகாப்பு' என்று சேரும் இடத்தில் உதடு சற்று நீண்டு ஒட்டியிருக்க வேண்டும், அதை ஆறாவதாக வைத்துக்கொண்டேன். 'வருமானம்' என்பதன் நடு 'மா'வை விட்டுவிட்டேன், உறுதியாகத் தெரியாததை எதற்குச் சேர்க்க வேண்டும்.

ஒரு சாதாரணப் 'ப'வுக்கு உதடு ஒட்டியிருப்பது சுமார் பத்தில் ஒரு நொடி. நொடிக்கு இருபத்தைந்து சட்டம் ஓடும் வீடியோவில் அது இரண்டு, மூன்று சட்டங்களாவது தெரிய வேண்டும். 'ப்ப' என்றால் இன்னும் நீளும். ஆறு இடங்களில் இரண்டில் மட்டுமே உதடு முழுதாக ஒட்டியது. 'ம்ப' வரும் இடத்தில் உதடு திறந்தே இருந்தது, உள்ளே வெள்ளையாகப் பல் தெரிந்தது. காதுக்கோ 'ஐம்பதாயிரம்' என்று தெளிவாகக் கேட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு கலங்கியது.

ஒரு வாக்கியத்தோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது பதினைந்து, இருபது இடங்கள் பாருங்கள். ஒன்றிரண்டு தவறுவது மங்கலான பிரதியாலும் நடக்கும். பாதிக்கு மேல் தவறினால் சும்மா விடக்கூடாது.

இரண்டு விஷயங்கள் உங்களைத் தவறாக முடிவெடுக்க வைக்கும். ஒன்று, ஒலி தாமதம். கை மாறி வந்த வீடியோவில் ஒலி மொத்தமாக முன்னேயோ பின்னேயோ தள்ளியிருக்கலாம். வி.எல்.சி-யில் `J`, `K` விசைகள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்பின் நகர்த்தும். ஓர் இடத்தில் நிறுத்தும்போது எல்லா உதடும் ஒலியோடு பொருந்திவிட்டால் அது வெறும் தாமதம்தான். ஓர் இடத்தைப் பொருத்தினால் இன்னோர் இடம் விலகுகிறது என்றால் அதுவே சந்தேகத்துக்குரியது.

இன்னொன்று, டப்பிங். இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசியதற்கு நேர்மையாகவே தமிழ்க் குரல் கொடுத்திருப்பார்கள். அதில் உதடு எங்குமே பொருந்தாது, ஆனால் வாய் தெளிவாக இருக்கும், பல் பல்லாகத் தெரியும். டீப்ஃபேக்கில் உதடு பெரும்பாலும் பொருந்தும், மூட வேண்டிய இடத்தில் மட்டும் கைவிடும், வாய்ப்பகுதி முகத்தின் மற்ற பகுதியைவிட மங்கலாக இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சூரியன் மறைவதற்குள் ஒரு டப்பிங் விளம்பரத்தை மெதுவாக ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள் என்று என் தங்கையிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

## 4. பல், நாடி, கழுத்து, வெளிச்சம்

வாயைத் திறந்திருக்கும் ஐந்தாறு சட்டங்களில் நிறுத்திப் படத்தைப் பெரிதாக்குங்கள். தனித்தனிப் பற்களுக்குப் பதிலாக ஒரே வெள்ளைப் பட்டை தெரிகிறதா? ஒரு சட்டத்தில் இருக்கும் பல் இடைவெளி அடுத்த சட்டத்தில் மறைகிறதா? ஆள் தாடி வைத்தவர் என்றால் இன்னும் எளிது. கன்னத்தில் ரோமம் ரோமமாகத் தெரியும் தாடி, வாயைச் சுற்றி மட்டும் மெழுகு பூசியது போல் ஆகியிருக்கும். தலை திரும்பும்போது நாடிக்கோடு கழுத்தின்மேல் லேசாக நடுங்கும். கை முகத்துக்கு முன்னால் போகும் இடம் இருந்தால் அதை விடாதீர்கள். விரலின் ஓரம் உதட்டோடு கரைவது ஒட்டு வேலையின் நல்ல அடையாளம். எங்கள் வீடியோவில் அதிகாரி ஒரே ஒரு முறை மூக்கைத் தொட்டார். அந்த அரை நொடியில் அவருடைய மேலுதடு காணாமலே போயிற்று.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். வாயை மட்டும் மாற்றிய வீடியோவில் வெளிச்சம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுவும் மூல வீடியோவின் வெளிச்சம்தானே. வேறொருவர் உடம்பில் முழு முகத்தை ஒட்டிய வீடியோவில்தான் இது கைகொடுக்கும். அப்போது மூக்கின் நிழலையும் கழுத்தின் நிழலையும் ஒப்பிடுங்கள். முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரையில் சாயங்காலம் எடுத்தது போலிருக்கும் ஒரு வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்து நிற்பவர் முகத்தில் வெயில் நேராக விழும், பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் விழும். கழுத்தும் சட்டைக் காலரும் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருந்து, முகம் மட்டும் இரண்டு பக்கமும் சமமாக மின்னினால் அந்த முகம் அங்கே எடுக்கப்பட்டதல்ல. கண்ணாடி அணிந்தவர் தலையைத் திருப்பும்போது கண்ணாடியில் விழும் ஒளிப்புள்ளியும் நகர வேண்டும். ஆனால் மேடை விளக்குகள் பல திசையிலிருந்தும் அடிக்கும் கோயில் திருவிழா, ஆலய விழா வீடியோக்களில் நிழலை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

## 5. படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

போனைக் கவிழ்த்து வைத்து, ஹெட்போனில் குரலை மட்டும் கேளுங்கள். முகம் தெரியும்போது நம் மனது குரலின் குறைகளை மன்னித்துவிடுகிறது. அந்த ஆள் தமிழில் பேசுவாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீடியோவில் இருந்தவர் தமிழ் பேசி நாங்கள் யாரும் எப்போதும் கேட்டதில்லை. அதை நானும் சித்தப்பாவும் கவனிக்கவேயில்லை.

பிறகு மூன்றைக் கவனியுங்கள். நீண்ட வாக்கியத்துக்கு முன் மூச்சு இழுக்கும் ஒலி கேட்கிறதா, கேட்டால் எல்லா இடத்திலும் அச்சு எடுத்தது போல் ஒரே மாதிரி இருக்கிறதா? ழகரம், ளகரம், றகரம் ஒரே ஆளின் வாயில் மாறி மாறி வருகிறதா? ஒரு வரியில் சுத்தமான எழுத்துத் தமிழும் அடுத்த வரியில் செயற்கையான பேச்சுத் தமிழும் வருகிறதா? தொகைகளைச் சொல்லும் இடத்தில் சொல்லின் அழுத்தம் தவறான எழுத்தில் விழுவதையும் கவனியுங்கள். எங்கள் வீடியோவில் "இருபத்தோராயிரம்" என்பதை 'இருபத்து' என்று சொல்லி நிறுத்தி, பிறகு 'ஓராயிரம்' என்று தனியாகச் சொல்லியது குரல்.

இடத்தின் ஒலியும் உதவும். பெரிய கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரல் போர்வைக்குள் பேசியது போல் எதிரொலியே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் சட்டையில் மைக் குத்தியிருந்தால் உண்மையான பேட்டியும் அப்படித்தான் கேட்கும். பின்னணி இசை போட்ட வீடியோவில் இந்தச் சோதனை நடக்காது, அதற்காகவே இசை போடுகிறார்கள். இப்போதைய நகல் குரல்கள் மூச்சுகூட விடுகின்றன. அதனால் காது "சரி" என்று சொன்னாலும் அடுத்த படியைத் தவிர்க்காதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. வீடியோ கால் வழியாகவும் இந்த மோசடி வரும். 2023இல் பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில், பழைய அலுவலக நண்பர் முகத்தில் வந்த வீடியோ காலை நம்பி ஒருவர் 40,000 ரூபாய் அனுப்பினார். அழைப்பில் இருக்கும்போது சட்டம் சட்டமாகப் பார்க்க முடியாது. முகத்தை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லலாம், கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாக அசைக்கச் சொல்லலாம். அதைவிட உறுதியானது, அழைப்பை வைத்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் நீங்களே கூப்பிடுவது. "அவசரம், வைக்காதே" என்றால் கட்டாயம் வைத்துவிடுங்கள்.

## 6. மூல வீடியோவைக் கண்டுபிடியுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். உறுதி கிடைப்பது இந்தப் படியில். வாயை மட்டும் மாற்றிய வீடியோவுக்குக் கட்டாயம் ஒரு தாய் வீடியோ எங்கோ இருக்கும்.

முகமும் பின்னணியும் தெளிவாகத் தெரியும் மூன்று சட்டங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மோசடிக்காரர்கள் மேலே ஒட்டியிருக்கும் எழுத்து, போலி செய்திச் சேனல் சின்னம், கீழே ஓடும் பட்டை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டாமல் தேடினால் அந்தச் சின்னத்தையே தேடிக்கொண்டிருக்கும். மீதிப் படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுங்கள். முகத்தை மட்டும் கொடுத்தால் அவருடைய ஆயிரம் படங்கள் வரும். அதனால் சட்டை, நாற்காலி, பின்னால் இருக்கும் திரை, மேஜைமேல் உள்ள பூச்சாடி எல்லாம் சேர்ந்த பரப்பைக் கொடுங்கள். வரவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக வீடியோவைத் திருப்பிப் போடுவது வழக்கம். சட்டைப் பை இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கம் இருப்பது, கடிகாரம் கை மாறி இருப்பது இதற்கு அடையாளம்.

எனக்கு முதல் இரண்டு படங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தபோது அதே நாற்காலி, அதே கழுத்துப்பட்டை, அதே நீலத் திரை வந்தது. ஆங்கிலத்தில் நடந்த நீண்ட பேட்டி, அதிகாரபூர்வமான சேனலில் இருந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓட்டினேன். அவர் மூக்கைத் தொடும் இடத்தைத் தேடினேன். இருந்தது. தொடுவதற்கு முன் இடது புருவம் உயர்வதும், பிறகு தண்ணீர்க் கோப்பையைப் பார்ப்பதும், சிமிட்டும் இடங்களும் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. மாறியது வாய் மட்டும். பேட்டியில் எந்த முதலீட்டைப் பற்றியும் அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இதற்கு ஆன நேரம் நாற்பது நிமிடம்.

இரண்டு வீடியோவிலும் அந்த இடத்தின் நிமிடம், நொடியை எழுதி வையுங்கள். போலீஸிடம் காட்டவும், வீட்டில் பெரியவர்களை நம்பவைக்கவும் இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. சித்தப்பாவிடம் ப, ம என்று விளக்கியபோது அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டு படத்தையும் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் "ஆளை வெச்சு நம்மள ஏமாத்திப்போட்டானுவளே" என்றார்.

மூல வீடியோ கிடைக்காவிட்டால் அதனால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது. முழுதும் கணினியே உருவாக்கிய வீடியோவுக்குத் தாய் இருக்காது. அப்போது சொல்லப்பட்ட செய்தியைச் சோதியுங்கள். மத்திய அரசுத் திட்டம் என்று சொன்னால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு `8799711259` என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பலாம், கட்டணம் இல்லை. பங்குச் சந்தை ஆலோசனை என்று சொன்னால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைத் தேடுங்கள். ரிசர்வ் வங்கி ஆளுநர், தேசியப் பங்குச் சந்தையின் நிர்வாக இயக்குநர் ஆகியோரின் போலி வீடியோக்கள் சுற்றியபோது 2024இல் அந்தந்த அமைப்புகளே மறுப்பு வெளியிட்டன. எந்த உயர் பதவியில் இருப்பவரும் தனியார் முதலீட்டுக்கு ஆள் பிடிப்பதில்லை.

"வீடியோவைப் போடுங்கள், எத்தனை விழுக்காடு போலி என்று சொல்கிறோம்" என்னும் தளங்களை நான் மூன்று முறை முயன்றேன். ஒரே வீடியோவின் நல்ல பிரதிக்கு ஒரு எண்ணும், வாட்ஸ்அப் பிரதிக்கு வேறொரு எண்ணும் வந்தன. காசு கேட்கும் தளங்களும் இருக்கின்றன, கொடுக்காதீர்கள்.

## 7. பணம் போய்விட்டிருந்தால்

இங்கே நேரம்தான் எல்லாம். வீடியோ போலியா என்று ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நாங்கள் ஒரு நாளுக்கு மேல் தாமதித்தோம், அதனால் இழந்தோம். சந்தேகம் வந்தவுடன் `1930` என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இலவசம். மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் வேறு கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன் நிறுத்தி வைப்பதுதான் இந்த அழைப்பின் நோக்கம்.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எண், அனுப்பிய நாள், நேரம், சரியான தொகை, பணம் போய்ச் சேர்ந்த யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண், பரிவர்த்தனை எண். யு.பி.ஐ. என்றால் அது பன்னிரண்டு இலக்கம், பணம் அனுப்பிய செயலியின் வரலாற்றில் இருக்கும். சித்தப்பா அந்தக் குறுஞ்செய்தியை அழித்திருந்தார். வங்கிக்குப் போய்க் கணக்கு அறிக்கை வாங்கி எண்ணைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று. 1930இல் கொடுக்கும் ஒப்புகை எண்ணை எழுதிக்கொண்டு, அதே நாளில் `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

நேரில் போக வேண்டுமானால் நாகர்கோவிலில் மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஆதார் நகல், கணக்கு அறிக்கை, மோசடிக்காரருடன் நடந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், ஒரு பென்டிரைவில் வீடியோக் கோப்பு, மூல வீடியோவின் இணைப்பு, நீங்கள் எழுதி வைத்த நிமிடம் நொடிக் குறிப்பு எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். எங்களுக்கு ஆன செலவு நகலுக்கும் பென்டிரைவுக்கும் பஸ்ஸுக்கும்தான். வீடியோ இருக்கும் போனை அழிக்கவோ, விற்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணு ஆதாரம் நீதிமன்றத்தில் செல்ல 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். வீடியோ எந்தக் கருவியில் இருந்து எடுக்கப்பட்டது என்று அதில் எழுத வேண்டியிருக்கும். ஆகவே போனின் மாடலையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள். `*#06#` என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும்.

இழப்பைப் பார்த்த பிறகு இன்னொரு அழைப்பு வரும். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இரண்டாயிரம்" என்பார்கள். சித்தப்பாவுக்கு ஒன்பதாவது நாள் வந்தது. பேசியவருக்கு அவர் பெயரும் தொகையும் தெரிந்திருந்தன. பணம் பறித்தவர்களே விற்ற பட்டியல் அது என்றுதான் எனக்குத் தோன்றியது. எந்தக் காவல் நிலையமும் மீட்டுக் கொடுக்கக் கட்டணம் கேட்பதில்லை.

எங்கள் 21,000 ரூபாயில் 6,000 மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. பணம் அனுப்பி இருபத்தாறு மணி நேரம் கழித்து நாங்கள் கூப்பிட்டிருந்தோம். மீதி அதற்குள் நான்கு கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. அந்த 6,000 சித்தப்பாவின் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று.